இருபத்தைந்து சொல், இருபத்தொரு விநாடி

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்து வருகிறது. பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, ஆய்வு செய்து, நடுவர்கள் முன்னால் நின்று சொல்ல வேண்டும். புதுச்சேரியில் அதை முன்னின்று நடத்துவது புதுவை அறிவியல் இயக்கம். பேச்சுக்கு எட்டு நிமிடம், அதன்பின் கேள்விக்கு இரண்டு நிமிடம் என்பது அங்கே பழகிப்போன கணக்கு. மாதக்கணக்கில் கிணறு கிணறாக ஏறி இறங்கி அளந்த பிள்ளைகள், முடிவைச் சொல்லும் இடத்துக்கு வந்து சேரும் முன்பே நேரம் முடிந்து நிற்பதுண்டு. ஆய்வில் குறையே இருக்காது. திரைக்காட்சியின் கீழே தட்டச்சு செய்த பேச்சுக் குறிப்பை அப்படியே கையில் வைத்துக்கொண்டு மேடையேறியதுதான் குறை.

அந்தக் குறிப்பை ஒத்திகைக்கு உகந்த சிறு அட்டைகளாக மாற்றி, ஒவ்வொன்றிலும் நேரக் குறி இடுவது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பாகூர் கொம்யூனில், தென்பெண்ணையாற்றின் கரையில் இருக்கும் சோரியாங்குப்பத்தைச் சேர்ந்த இரண்டு மாணவர்கள். 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த நாள் காலைக்குள் புதுச்சேரி நகரில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. அதன்பின் திருவண்ணாமலை மாவட்டத்திலிருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரும் ஆற்றோடு வந்து சேர்ந்தது. அந்த வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் ஊர்க் கிணறுகளில் நீர்மட்டம் எப்படி மாறியது என்பதுதான் இவர்களின் ஆய்வு என்று கொள்வோம். ஏழு திரைகள், ஒவ்வொன்றின் அடியிலும் குறிப்பு. மூன்றாம் திரையின் குறிப்பு இப்படித் தொடங்குகிறது:

"2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டதன் காரணமாக, தென்பெண்ணையாற்றில் வெள்ளப்பெருக்கு ஏற்பட்டு, பாகூர் கொம்யூனின் கரையோரக் கிராமங்களில் நீர் புகுந்தது."

எழுத்தில் குறை சொல்ல முடியாத வாக்கியம். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? மேடைப்பேச்சு பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்று ஒரு கணக்குத் தருகின்றன. நம் பள்ளிகளிலும் பலர் அதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த வாக்கியத்தில் 25 சொற்கள். 150 என்ற கணக்கில் பத்து விநாடி. கடிகாரத்தை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: நிதானமாகப் பேசுகிற ஒரு மாணவருக்கு இருபது விநாடிக்கு மேல் ஆகும். கணக்கு பாதிக்குப் பாதி தவறுகிறது.

காரணம் எளிது. ஆங்கிலம் மூன்று சிறு சொற்களைப் பிரித்து வைக்கும் இடத்தில், தமிழ் 'அணையிலிருந்து' என்று ஒரே சொல்லில் ஆறு உயிரொலிகளைக் கோத்துவிடுகிறது. 'திறந்துவிடப்பட்டதன்' என்பதில் எட்டு. வாய்க்குச் சொல் கணக்குத் தெரியாது. எத்தனை முறை திறந்து மூடுகிறோம் என்பதே அதன் கணக்கு. இந்த உயிரொலி வேகமும் மொழிக்கு மொழி மாறும். லியோன் நகர ஆய்வாளர் பிரான்சுவா பெல்லெக்ரினோவின் குழு 2011இல் ஏழு மொழிகளை அளந்தபோது, ஜப்பானியர் விநாடிக்கு ஏறக்குறைய எட்டு ஒலிகளும், ஆங்கிலத்தவர் ஆறுக்குச் சற்று மேலும், மாண்டரின் சீனம் பேசுவோர் ஐந்துக்குச் சற்று மேலும் சொன்னார்கள். வேகமாக ஓடும் மொழியில் ஒவ்வோர் ஒலியும் சுமக்கும் செய்தி குறைவு, மெதுவாக நடக்கும் மொழியில் அதிகம் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே ஒரு மொழியின் வேக விதியை இன்னொரு மொழிக்குக் கடன் வாங்க முடியாது. தமிழ்ப் பேச்சுக்கு உயிரொலியை எண்ணுவதுதான் சரி.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நம் இலக்கணம் இன்னும் நுட்பமாகவே பிரித்து வைத்திருக்கிறது. தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொல்வது கண் இமைக்கும் நேரமும் கைநொடிக்கும் நேரமும். ஆனால் ஒரு பத்தி அளவில் பார்த்தால் குறிலும் நெடிலும் கலந்து சராசரியாகிவிடும். எட்டு நிமிடப் பேச்சுக்கு அவ்வளவு நுட்பம் வேண்டாம்.

கணினி இதை எண்ணித் தரும். பவர்பாயிண்ட் கோப்பிலிருந்து குறிப்புகளை மட்டும் உருவி எடுக்க ஒரு சிறு நிரல் போதும். யூனிகோடில் உயிரெழுத்தையும் உயிர்மெய்யின் அடி எழுத்தையும் எண்ணி, அதிலிருந்து புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் உயிரொலிக் கணக்கு வந்துவிடும்:

```python
import re
from pptx import Presentation

def uyir(t):
    return len(re.findall("[அ-ஹ]", t)) - t.count("\u0bcd")

for i, s in enumerate(Presentation("kinaru.pptx").slides, 1):
    if s.has_notes_slide:
        t = s.notes_slide.notes_text_frame.text
        print(i, uyir(t))
```

இதில் இரண்டு பொறிகள் உண்டு. குறிப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தால், திரையில் தமிழாகத் தெரிவது கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும். நிரல் பூஜ்யம் என்று காட்டும். முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். இன்னொன்று எண்கள். மேலே சொன்ன வாக்கியத்துக்கு நிரல் தருவது 81. ஆனால் 2024 என்ற நான்கு இலக்கத்தை அது எண்ணவே இல்லை. வாயால் சொன்னால் அது 'இரண்டாயிரத்து இருபத்து நான்கு', பன்னிரண்டு உயிரொலி. '2ஆம்' என்பதில் இன்னும் இரண்டு விடுபட்டிருக்கிறது. உண்மைக் கணக்கு 95. 1993 போன்ற ஆண்டைச் சொல்லிப் பார்த்தால் பதினான்கு. தாளில் ஒரு விரற்கடைக்குள் அடங்குகிற ஆண்டு, பேச்சில் மூன்று விநாடியைத் தின்றுவிடும். அறிவியல் பேச்சில் எண்கள் நிறைய வரும் என்பதால், எண்களை எழுத்தால் எழுதிவிட்டு எண்ணுவதே நல்லது.

அடுத்து, பேசுபவரின் வேகம். குறிப்பில் ஒரு பகுதியை எடுத்து, எதிரே ஆள் உட்கார்ந்திருக்க, நின்றுகொண்டு ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். எங்கே நிறுத்தினாரோ அதுவரை உள்ள உயிரொலியை எண்ண வேண்டும். நம் மாணவருக்கு 270 வந்தது என்று வைத்தால், மூச்சும் சிறு தயக்கமும் சேர்த்து விநாடிக்கு நாலரை. 95ஐ நாலரையால் வகுத்தால் 21 விநாடி. மனத்துக்குள் படித்துப் பார்த்து அளந்தால் இந்த எண் கிடைக்காது. வாய்விட்டுப் படிப்பதைவிட மௌன வாசிப்பு வேகமானது, அதை நம்பித்தான் பலர் கெடுகிறார்கள்.

இனி வரவு செலவு. எட்டு நிமிடம் என்பது 480 விநாடி. அதில் 30 விநாடியைக் கையிருப்பாக விட்டு 450க்குத் திட்டமிடலாம். திரை மாறுவதற்கும், வரைபடத்தைக் கைகாட்டுவதற்கும், ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் பேச்சு போவதற்கும் ஏறக்குறைய 50 விநாடி போகும். மிஞ்சுவது 400 விநாடி, அதாவது 1,800 உயிரொலி. ஏழு திரையின் குறிப்பையும் சேர்த்து எண்ணினால் 2,600 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சு மட்டுமே ஒன்பதரை நிமிடத்தைத் தாண்டும். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வெட்டியாக வேண்டும். வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று மாணவர்கள் சொல்வார்கள். நடுவருக்குப் புரியாது என்பது ஒருபுறம். வேகம் கூடினால் நாக்குத் தடுக்கி, திருத்திச் சொல்வதிலேயே அந்த லாபம் போய்விடும்.

வெட்டுவது என்றால் செய்தியைக் குறைப்பது என்று பொருளல்ல. எழுத்து வாக்கியத்தைப் பேச்சு வாக்கியமாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். அதே சாத்தனூர் வாக்கியத்தைப் பாருங்கள்: "டிசம்பர் இரண்டாம் தேதி விடியற்காலை. சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல். ஆறு தாங்கவில்லை. ஊருக்குள் தண்ணீர் வந்தது." இதில் 52 உயிரொலி, 12 விநாடி. ஆண்டு திரையிலேயே இருக்கிறது, அதை வாயால் சொல்ல வேண்டியதில்லை. 'திறந்துவிடப்பட்டதன் காரணமாக' என்ற ஒரு தொடர் மட்டும் மூன்று விநாடி; அது போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. முக்கியமான லாபம் வேறு. இருபத்தொரு விநாடி வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாது, மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வாக்கியம் உடையும். ஐந்து சிறு வாக்கியங்களில் மூச்சுக்கான இடம் தானாக அமைந்துவிடுகிறது.

இப்போது அட்டை. ஐந்துக்கு மூன்று அங்குல அட்டை கடையில் கிடைக்கும். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தை வெட்டிக்கொண்டாலும் ஆகும், தடிமனாக இருப்பதால் கை நடுங்கினாலும் படபடக்காது. மூலையில் துளையிட்டு, பரீட்சைத் தாள் கட்டும் டேக் கயிற்றால் கோத்துவிட்டால், கீழே விழுந்தாலும் வரிசை கலையாது. ஒரு திரைக்கு ஓர் அட்டை.

அட்டையில் முழுக் குறிப்பையும் சிறிய எழுத்தில் எழுதிவைப்பதுதான் எல்லாரும் செய்வது. அதற்கு அட்டையே வேண்டியதில்லை. வாய்விட்டுப் படிக்கும்போது கண் எப்போதும் வாய்க்கு ஓரிரு சொல் முன்னால் போய்க்கொண்டிருக்கும். தலை நிமிர்ந்து சபையைப் பார்த்த கணத்தில் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். திரும்பக் குனிந்தால் விட்ட இடத்தைத் தேட வேண்டும். அதற்குப் பயந்து தலையை நிமிர்த்தாமலே படிக்கிறார்கள், குரலும் பாடம் ஒப்பிக்கும் ராகத்துக்குப் போய்விடுகிறது.

மூன்றாம் அட்டையில் என்ன இருக்கும்? மேலே முதல் வாக்கியம், முழுதாக: "டிசம்பர் இரண்டாம் தேதி விடியற்காலை." அதன் கீழே தனித்தனி வரியில் மூன்று தூண்டுசொற்கள்: சாத்தனூர், ஒன்றரை லட்சம், ஊருக்குள். அடியில், அடுத்த அட்டைக்குக் கொண்டுபோகும் வாக்கியம், அதுவும் முழுதாக: "அந்தத் தண்ணீர் கிணறுகளை என்ன செய்தது?" தொடக்கத்தையும் இணைப்பையும் மட்டும் முழுதாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது யாரும் அவ்வளவாக மறப்பதில்லை. ஒன்றை முடித்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில்தான் தலை வெறுமையாகிவிடும். ஒரு விநாடி நிறுத்தத்துக்கு ஒற்றைக் கோடு, இரண்டு விநாடிக்கு இரட்டைக் கோடு, திரை மாறும் இடத்தில் ஒரு முக்கோணம், பேச்சு மற்றவருக்குப் போகும் இடத்தில் அவர் பெயரின் முதல் எழுத்து. இதற்கு மேல் குறி வைத்தால் அட்டையைப் படிக்கவே தனியாகப் படிக்க வேண்டும்.

தூண்டுசொல்லிலிருந்து வாக்கியத்தை நினைவில் கொண்டுவருவது முதல் ஒத்திகையில் சிரமமாகவே இருக்கும். அந்தச் சிரமம்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனை இது: ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 40 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் 61 சதவீதம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். முதல்நாள் இரவு குறிப்பைப் பத்து முறை படித்த பிள்ளைக்கு எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதும், மேடையில் கைவிடுவதும் இதனால்தான்.

நேரக் குறி அட்டையின் வலது மேல் மூலையில், பெரிதாக. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இந்த அட்டைக்கு 65 விநாடி என்று எழுதுகிறார்கள். மேடையில் நின்று யாரும் கழித்தல் கணக்குப் போட முடியாது. எழுத வேண்டியது, இந்த அட்டை முடியும்போது கடிகாரம் என்ன காட்ட வேண்டும் என்பதை. நம் ஏழு அட்டைக்கும் உயிரொலியைக் கொண்டு கணக்கிட்டால் 0:40, 1:45, 2:50, 4:10, 5:20, 6:35, 7:30 என்று வருகிறது என்று வைப்போம். ஒரு பார்வை கடிகாரத்தில், ஒரு பார்வை மூலையில். முன்னா பின்னா என்று தெரிந்துவிடும்.

ஒத்திகையில் ஒருவர் பேச, மற்றொருவர் ஒவ்வோர் அட்டை திரும்பும்போதும் கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். நடுவில் தடுக்கினாலும் நிறுத்தக்கூடாது. மொத்த நேரத்தை மட்டும் குறித்தால் ஒன்றும் தெரியாது. நம் மாணவர்களுக்கு முதல் ஒத்திகை 8:15இல் முடிந்தது என்போம். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். எல்லா அட்டையும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுத்திருந்தால், வேகக் கணக்கு தவறு. இவர் விநாடிக்கு நாலரை அல்ல, 4.1தான். எல்லா அட்டையிலும் கொஞ்சம் வெட்ட வேண்டும். ஆனால் குறிப்பில் இருந்தது 0:38, 1:46, 2:54, 4:50, 6:02, 7:18, 8:15. கழித்துப் பாருங்கள்: நான்காம் அட்டை தவிர மற்றவை எல்லாம் திட்டத்திலிருந்து இரண்டு மூன்று விநாடிக்குமேல் விலகவில்லை. நான்காவது மட்டும் 80 விநாடிக்குப் பதில் 116 எடுத்திருக்கிறது.

நான்காம் திரையில் இருப்பது கிணற்று நீர்மட்ட வரைபடம். தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்பதைக் கீழிருந்து மேலாக வரைந்திருக்கிறார்கள். எனவே கோடு ஏறினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, கோடு இறங்கினால் ஏறியிருக்கிறது. குறிப்பில் இல்லாத அந்த 36 விநாடியும் இதை விளக்குவதில் போயிருக்கிறது. பேச்சை வெட்டி இதைச் சரிசெய்ய முயல்வது வீண். அச்சைத் தலைகீழாக்கி, பூஜ்யத்தை மேலே, தரைமட்டமாக வைத்தால் போதும். டிசம்பரில் கோடு மேலே எழுவதைப் பார்ப்பவர் தண்ணீர் ஏறியதாகவே புரிந்துகொள்வார். நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரைகிறார்கள். நேரக் குறியை நான் மதிப்பது இதனால்தான்: படத்தில் இருந்த பிழையைக் கடிகாரம் காட்டிக்கொடுத்தது.

பவர்பாயிண்டிலேயே ஒத்திகை நேரம் பதியும் வசதி இருக்கிறது: `Slide Show` பட்டியில் `Rehearse Timings`. ஒவ்வொரு திரைக்கும் எத்தனை விநாடி ஆனது என்று அதுவே குறித்துக்கொள்ளும். தனியாகப் பழகும்போது நல்ல துணை. ஆனால் முடிவில் நேரத்தைச் சேமிக்கவா என்று கேட்கும்போது ஆம் என்றால், அன்றைய நேரங்கள் கோப்பிலேயே தங்கிவிடும். `Use Timings` குறியை எடுக்காமல் மேடைக்குக் கொண்டுபோனால், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை தானாக அடுத்ததற்கு ஓடிவிடும். ஒத்திகையில் பதினைந்து விநாடி மட்டும் நின்ற ஒரு திரை, சபையிலும் பதினைந்து விநாடிதான் நிற்கும்.

ஒத்திகையில் 7:30 வந்தாலும் மேடையில் அது மாறலாம். பதற்றத்தில் சிலர் வேகமாகப் பேசிவிடுவார்கள். மின்விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நடுவர் சொன்னால் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு அட்டைகளில், நம் எடுத்துக்காட்டில் மூன்றாவதிலும் ஐந்தாவதிலும், நேரக் குறியைச் சிவப்பு வட்டத்துக்குள் போட்டு, பிந்தினால் எதை விடுவது என்று முன்பே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். ஐந்தாம் அட்டை முடியும்போது 5:20க்குப் பதில் 5:50 ஆகிவிட்டால், ஆறாவதில் கட்டம் போட்ட இரண்டு தூண்டுசொற்களை விட்டுவிட்டு நேரே இணைப்பு வாக்கியத்துக்குப் போகலாம். எதை விடுவது என்று மேடையில் யோசித்தால் அந்த யோசனைக்கே பத்து விநாடி ஆகும், பெரும்பாலும் விடக்கூடாததையே விடுவோம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் ஐந்திலிருந்து ஏழு நிமிடப் பேச்சுக்கு ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு என்று விளக்கோ அட்டையோ காட்டுவார்கள். அது வெளியிலிருந்து வரும் எச்சரிக்கை; எதை விடலாம் என்று அதற்குத் தெரியாது.

கைக்கடிகாரத்தில் பார்ப்பதென்றால், பேச்சு தொடங்கும்போது நிமிட முள் எங்கே இருந்தது என்று நினைவில் வைப்பது தொல்லை. கேள்வி கேட்கப்போகிறவர்களை விட்டுவிட்டுக் கடிகாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். பேசாமல் நிற்கிற மற்ற மாணவர் நிறுத்துக் கடிகாரம் வைத்துக்கொண்டு, வட்டமிட்ட இரண்டு இடத்தில் மட்டும் ஒரு விரலைக் காட்டினால் போதும்: மேல்நோக்கினால் நேரம் இருக்கிறது, கீழ்நோக்கினால் கட்டம் போட்டதை விடு. இதையும் ஒத்திகையிலேயே பழக வேண்டும், இல்லையென்றால் பார்க்கவே மறந்துவிடுவார்கள்.

கோர்வையின் கடைசியில், நேரக் குறி இல்லாத எட்டாவது அட்டை ஒன்று. வெட்டி எறிந்த 800 உயிரொலியில் இருந்த எண்கள் எல்லாம் இங்கே: எத்தனை கிணறு, எந்தெந்தத் தேதியில் அளந்தது, அளந்த கயிற்றின் நுனியில் என்ன கட்டியிருந்தது, எந்தக் கிணற்றை ஏன் விட்டது. பேச்சில் இவற்றுக்கு இடமில்லை. நடுவர்கள் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.